முதல் செட்டப் காலுக்கு அழைப்பு: மூன்று நேரம், மூன்று தேவை, ஒரு ஓடிபி போன்

கோவையில் பம்ப் உதிரிபாகம் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடைக்கு எங்கள் பில்லிங் மென்பொருளை இணைக்கும் முதல் வீடியோ கால் ஒரே அமர்வில் முடிந்தது. 50 நிமிடம் ஆனது. முடியும்போது மென்பொருள் அரசின் ஈ-இன்வாய்ஸ் தளத்தோடு இணைந்திருந்தது, ஐட்டம் பட்டியல் ஏறியிருந்தது, கடைக் கணக்கர் தன் கையால் மாதிரி பில்கள் போட்டுப் பார்த்திருந்தார். எங்கள் வேலையில் இது சாதாரணமாக நடப்பதில்லை. முதல் கால் பாதியில் நிற்கும், "நாளைக்குப் பார்க்கலாம்" என்று போகும், அந்த நாளை அடுத்த வாரமாகும். இந்த முறை மென்பொருளில் எதையும் மாற்றவில்லை. மாறியது காலுக்குக் கூப்பிடும் மெசேஜ் மட்டும்தான். அது இப்போதைய வடிவத்துக்கு வந்த வழியை எழுதி வைக்கிறேன். புது வாடிக்கையாளரை முதல் நாள் கையாளும் வேலையில் இருப்பவர்களுக்கு உதவலாம்.

வாடிக்கையாளரின் நிலைமை இது. கூட்டாண்மை நிறுவனம். போன நிதியாண்டு வரை விற்றுமுதல் 5 கோடிக்குக் கீழே இருந்தது, இந்த ஆண்டு தாண்டிவிட்டது. 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி தாண்டியவர்கள் ஜிஎஸ்டி உள்ள மற்ற வியாபாரிகளுக்குப் போடும் ஒவ்வொரு பில்லுக்கும் ஈ-இன்வாய்ஸ் எடுக்க வேண்டும். ஆகவே வரும் ஏப்ரல் 1 முதல் இவர்கள் பில் போட்டால் அதில் அரசுத் தளம் தரும் ஐஆர்என் எண்ணும் கியூஆர் கோடும் இருந்தாக வேண்டும். ஒப்பந்தம் போட்டது மார்ச் முதல் பாதியில். இருந்த அவகாசம் குறைவு, அதில் ஆடிட்டர்களுக்கு மூச்சு விட நேரமில்லாத மாதம் வேறு.

முன்பு நாங்கள் அனுப்பிக்கொண்டிருந்த அழைப்பு மின்னஞ்சலாகப் போகும். "எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி" என்று தொடங்கி, ஆன்போர்டிங் என்றால் என்ன என்று ஒரு பத்தி, நேரம் தேர்வு செய்ய ஒரு இணைப்பு, அதன் கீழே பதினொரு தயாரிப்புகள். லோகோ, வங்கிக் கணக்கு விவரம், பில்லின் கீழே வரும் நிபந்தனைகள், கையெழுத்தின் படம், பிரிண்டர் மாடல், யார் யாருக்கு லாகின் வேண்டும், ஆரம்ப இருப்பு, பாக்கிப் பட்டியல், ஐட்டம் பட்டியல், ஈ-வே பில் யூசர்நேம், ஜிஎஸ்டி சான்றிதழ். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் கடைக்காரர்கள் அதைத் திறப்பதே இல்லை. திறந்தவர்கள் முதலில் இருந்த லோகோவை மட்டும் அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்தார்கள். அது மனித இயல்புதான். பதினொன்றில் எது சுலபமோ அதைத்தான் எவரும் முதலில் செய்வார்கள்.

ஆக, பட்டியலைத்தான் முதலில் கையில் எடுத்தேன். ஒவ்வொரு வரியையும் பார்த்து ஒரே கேள்வி: இது இல்லாவிட்டால் கால் அந்த இடத்தில் நின்றுபோகுமா? லோகோ இல்லாமல் நிற்காது, அடுத்த நாள் ஏற்றிக்கொள்ளலாம். பிரிண்டருக்கும் நிற்காது. ஆரம்ப இருப்பு என்பது மார்ச் 31 இரவு கடை மூடிய பிறகுதான் தெரியும், அதைப் பத்து நாள் முன்னால் கேட்பதே அபத்தம். பாக்கிப் பட்டியலும் அப்படியே. ஜிஎஸ்டி சான்றிதழ் ஒப்பந்தம் போடும்போதே எங்களுக்கு வந்துவிட்டது, அதை மறுபடி கேட்டது எங்கள் விற்பனைப் பிரிவும் நாங்களும் பேசிக்கொள்ளாததன் விளைவு. இப்படித் தட்டியதில் அந்தப் பதினொன்றில் ஐட்டம் பட்டியல் மட்டும்தான் மிஞ்சியது. அதில் இல்லாமல் போன இரண்டைச் சேர்த்தேன், ஆக மூன்று.

ஒன்று, கடையின் கணக்கு மென்பொருளான டேலி இருக்கும் கம்ப்யூட்டர். பலர் காலுக்குக் கைப்பேசியில் வருவார்கள். முதலாளி காரில் இருப்பார், பின்னால் ஹாரன் கேட்கும், "நீங்க சொல்லுங்க, நான் பசங்ககிட்ட சொல்லிச் செய்யச் சொல்றேன்" என்பார். அதோடு அந்த அமர்வு முடிந்த மாதிரிதான். செட்டப் நடப்பது அவர்களுடைய திரையில். அந்தத் திரையை நான் பார்க்காமல் ஒன்றும் நகராது.

இரண்டு, ஐட்டம் பட்டியல். இது கால் நேரத்தில் கையில் இருந்தால் போதாது, முந்தைய நாள் மாலையே எனக்கு வந்தாக வேண்டும். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

மூன்று, ஓடிபி வரும் கைப்பேசி. மற்ற இரண்டுக்கும் ஏதாவது மாற்று வழி உண்டு. இதற்குக் கிடையாது. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

எங்கள் மென்பொருள் ஒருவருடைய பெயரில் ஈ-இன்வாய்ஸ் எடுக்க வேண்டுமானால், அவர் `einvoice1.gst.gov.in` தளத்தில் நுழைந்து எங்களுக்கென்று ஒரு தனி யூசரை உருவாக்கித் தர வேண்டும். இடப்பக்க மெனுவில் `API Registration`, அதற்குள் `User Credentials`, அதற்குள் `Create API User`. அங்கே ஒரு ஓடிபி வரும். அதைப் போட்ட பிறகு பட்டியலில் எங்களை அந்தத் தளத்தோடு இணைக்கும் இடைநிலை நிறுவனத்தின் பெயரைத் தேர்ந்து, யூசர்நேம் பாஸ்வேர்டு வைத்தால் வேலை முடிந்தது. ஐந்தாறு நிமிடம் ஆகும். ஈ-வே பில் தளத்துக்கு ஏற்கெனவே யூசர்நேம் பாஸ்வேர்டு வைத்திருப்பவர்களுக்கு அதுவே இங்கும் செல்லும், புதிதாகப் பதிய வேண்டியதில்லை.

சிக்கல் ஓடிபி போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் தளத்தில் நுழையவே எல்லோருக்கும் ஒரு ஓடிபி உண்டு. உள்ளே போன பிறகு யூசர் உருவாக்க இன்னொன்று. இந்த இரண்டாவது ஓடிபி ஜிஎஸ்டி பதிவில் இருக்கும் கைப்பேசிக்குத்தான் வரும். அந்த எண் யாருடையது? 2017-ல் ஜிஎஸ்டிக்கு மாறிய அவசரத்தில் பல கடைகளுக்கு ஆடிட்டர் ஆபீஸ் எண்ணையே கொடுத்துப் பதிந்துவிட்டார்கள். சில இடங்களில் அது முதலாளியின் அப்பாவுடைய எண். ஒரு கடையில் வேலையை விட்டுப் போன கணக்கருடைய எண்ணாக இருந்தது. கால் தொடங்கி 20 நிமிடம் வணக்கம், அறிமுகம், மெனு என்று போய், ஓடிபி அனுப்பியாயிற்று என்று திரையில் வந்த பிறகுதான் அறையில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். "அது ஆடிட்டருக்குப் போகுமுங்க." ஆடிட்டருக்கு அடித்தால் எடுக்க மாட்டார். எடுக்கும்போது ஓடிபி காலாவதியாகியிருக்கும்.

இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள முதலில் மெசேஜில் "ஜிஎஸ்டியில் பதிவு செய்யப்பட்ட கைப்பேசி எண் எது?" என்று கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் தங்கள் சொந்த எண்ணை அனுப்பினார்கள். பொய் சொல்ல வேண்டும் என்றில்லை. அவர்கள் நினைத்ததைச் சொன்னார்கள், பதிவில் இருப்பது வேறாக இருந்தது. கேள்வியை மாற்றினேன்: "மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும்போது ஓடிபி யார் போனுக்கு வருகிறது?" இதற்கு உடனே சரியான பதில் வந்தது. ஒவ்வொரு மாதமும் நடக்கிற காரியம், எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆடிட்டர் ஆபீஸ் பெண் போன் செய்து "அண்ணா, ஓடிபி வந்துச்சா" என்று கேட்டால் எண் இவரிடம் இருக்கிறது. அப்படி யாரும் கேட்டதே இல்லை என்றால் எண் அவர்களிடம் இருக்கிறது.

இந்தக் கேள்விக்கு ஒரு வரம்பு உண்டு. பிரைவேட் லிமிடெட் கம்பெனிகள் ரிட்டர்னை டிஜிட்டல் கையெழுத்து டாங்கிள் வைத்துப் போடுவார்கள். அங்கே ரிட்டர்ன் ஓடிபி என்ற ஒன்று இல்லாததால் கேள்வி புரியாது. அவர்களிடம் "ஈ-வே பில் தளத்தில் நுழையும்போது ஓடிபி யாருக்கு வருகிறது?" என்று கேட்க வேண்டும். அதிலும் கவனம் தேவை. கிளை யூசருக்குத் தனி எண் வைத்திருந்தால் அந்த எண்ணுக்கு நுழைவு ஓடிபி வரும், ஆனால் எங்களுக்கு வேண்டியது முதன்மை யூசரின் எண்.

பம்ப் கடையில் பதில் எதிர்பார்த்தபடியே இருந்தது. ஓடிபி ஆடிட்டர் ஆபீஸுக்கு. அதனால் அழைப்பின் வடிவமே மாறிவிட்டது. இதுவரை முதலாளிக்கு எந்த நேரம் வசதி என்று பார்த்து வந்தோம். உண்மையில் நேரத்தைத் தீர்மானிப்பவர் ஓடிபி போனை வைத்திருப்பவர். கால் முழுக்க அவர் உட்கார வேண்டாம், ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும். ஆனால் அந்த ஐந்து நிமிடம் எப்போது என்பது தெரிந்திருக்க வேண்டும். எண்ணை முதலாளி பெயருக்கு மாற்றிவிடலாமே என்று தோன்றலாம். ஜிஎஸ்டி தளத்தில் அது அதிகாரி ஒப்புதல் தேவைப்படாத வகைத் திருத்தம்தான், செய்யலாம். ஆனால் அதையும் செய்யப்போவது அதே ஆடிட்டர் ஆபீஸ். மார்ச் மாதத்தில் அவர்களிடம் கேட்க ஐந்து நிமிடம் சுலபம், திருத்தம் கஷ்டம். அதை ஏப்ரல் கடைசிக்குத் தள்ளி வைத்தோம்.

சரி, நேரம். முன்பு வைத்திருந்த புக்கிங் பக்கத்தில் இரண்டு வாரத்துக்கான எல்லாக் காலி நேரமும் தெரியும். நாற்பது ஐம்பது கட்டங்கள். அதில் ஒன்றைத் தொட வேண்டும், பெயர் மின்னஞ்சல் அடிக்க வேண்டும். மென்பொருள் துறை ஆட்களுக்கு அது சகஜம். கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு "நீங்களே ஒரு நேரம் சொல்லுங்க" என்று போன் செய்வார். ஒரே ஒரு நேரம் சொன்னால் "அன்னிக்கு ஆகாதுங்க" என்பார். மூன்று சொன்னால் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார். புக்கிங் பக்கத்துக்குக் கட்டிவந்த மாதச் சந்தாவை நிறுத்திவிட்டோம்.

எந்த மூன்று என்பதில்தான் வேலை இருக்கிறது. முதலில் ஆடிட்டரின் மாதத்தில் வரும் கடைசித் தேதிகள். 7-ம் தேதி டிடிஎஸ், 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி. மார்ச்சில் 15-ம் தேதி முன்கூட்டிய வரியும் சேர்ந்துகொள்ளும். இந்தத் தேதிகளுக்கு முந்தைய இரண்டு நாளும் அந்த நாளும் ஆடிட்டரிடம் ஐந்து நிமிடம் கேட்பது வீண். ஆகவே 21-க்குப் பிறகு. 28-க்குப் பிறகு வருடக் கடைசி, கடையில் சரக்கு எண்ணிக்கொண்டிருப்பார்கள். நடுவில் இருக்கும் ஒரு வாரம்தான் நமக்கு.

அடுத்தது ராகுகாலம். இதைச் சொன்னால் எங்கள் அலுவலகத்துப் பையன்கள் சிரிப்பார்கள், ஆனால் புது பில் புத்தகம் போடுவதையே நல்ல நேரம் பார்த்துச் செய்கிறவர்களிடம் புது பில்லிங்கைத் தொடங்கச் சொல்கிறோம். வெள்ளிக்கிழமை 10.30 மணி என்று அனுப்பினால் மறுப்பு வராது, பதிலே வராது. அதுதான் இதில் உள்ள தொல்லை. யாரும் காரணத்தை எழுத மாட்டார்கள், சும்மா இருந்துவிடுவார்கள், நாம் ஆர்வம் இல்லை என்று நினைத்துக்கொள்வோம். இப்போது நேரம் குறிக்கும் தாளின் மேல் ராகுகாலம், எமகண்டம் இரண்டையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். செவ்வாய் 3 முதல் 4.30, புதன் 12 முதல் 1.30, வியாழன் 1.30 முதல் 3, வெள்ளி 10.30 முதல் 12 ராகுகாலம். செவ்வாய் 9 முதல் 10.30, வெள்ளி 3 முதல் 4.30 எமகண்டம். திங்கள் காலை இரண்டும் வந்துவிடுகிறது, கடையிலும் அன்று கூட்டம், அதனால் திங்களையே எடுத்துவிட்டேன்.

மூன்றாவது மின்தடை. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு ஒவ்வொரு துணைமின் நிலையமாக ஒரு நாள் காலை 9 மணியிலிருந்து மின்சாரத்தை நிறுத்தும், மாலை வரை வராது. எந்தப் பகுதி எந்த நாள் என்பது முன்கூட்டியே நாளிதழில் வந்துவிடும். கடையில் யுபிஎஸ் இருந்தாலும் அது கணக்கர் டேலியை மூடும் அளவுக்குத்தான் தாங்கும். வாடிக்கையாளரின் பகுதியைப் பார்த்துவிட்டு நாளைக் குறித்தால் ஒரு அமர்வு மிச்சம்.

இத்தனையும் கழித்துப் பம்ப் கடைக்கு வந்த மூன்று நேரம்: செவ்வாய் காலை 11, புதன் மாலை 3.30, வியாழன் காலை 11. இதை முதலில் அனுப்பியது கடைக்கு அல்ல, ஆடிட்டர் ஆபீஸுக்கு. அங்கே இந்த ஜிஎஸ்டி வேலையைப் பார்க்கும் பெண்ணிடம் போனில் பேசினேன். மூன்றிலும் ஐந்து நிமிடம் கிடைக்கும், ஆனால் 11 மணி என்றால் 11.15-க்குள் கூப்பிட்டுவிட வேண்டும், அதன் பிறகு அவர் வேறு கட்சிக்காரரிடம் போய்விடுவார் என்றார். இந்த ஒரு தகவல் காலின் வரிசையையே மாற்றியது. முன்பெல்லாம் ஓடிபி வேலை அமர்வின் நடுவில் இருந்தது. இப்போது அது முதல் வேலை. வணக்கம் சொன்னதும் ஓடிபி.

அழைப்பு மின்னஞ்சலில் போகவில்லை, வாட்சப்பில் போனது. அதிலும் நேரம் பார்த்துத்தான். முன்பணம் கட்டியதும் கடைக்காரர்கள் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை எங்கள் வணிக எண்ணுக்கு அனுப்புவார்கள். வாடிக்கையாளர் கடைசியாக மெசேஜ் போட்டதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் நாங்கள் அவருக்குப் பட்டன் வைத்த பதில் அனுப்பலாம். அதைத் தாண்டினால் முன்கூட்டி ஒப்புதல் வாங்கிய வார்ப்புருதான் போக முடியும். ஸ்கிரீன்ஷாட் வந்த அன்றே ஆடிட்டர் ஆபீஸைக் கேட்டு, அன்று மாலையே பதிலாக அழைப்பை அனுப்பிவிட்டால் இரண்டு வேலையும் சேர்ந்து முடிந்தது. பணம் கட்டிய அன்று அவர் மனமும் இதில்தான் இருக்கும்.

ஒரு மெசேஜில் மூன்று பட்டன்தான் வைக்க முடியும். மூன்று நேரம் என்ற முடிவுக்கு அது பொருந்திப்போனது. ஆனால் பட்டனில் 20 எழுத்துதான் பிடிக்கும், இங்கே தமிழுக்கு ஒரு சோதனை. `செவ்வாய்க்கிழமை காலை 11` என்பது இடைவெளியோடு கண்ணுக்கு 14 எழுத்து. கணினி கொம்பு, புள்ளி, துணைக்கால் எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணுவதால் அதற்கு 23. மெசேஜ் போகவே இல்லை, பிழை என்று திரும்பி வந்தது. கிழமையை வெட்டி `செவ்வாய் காலை 11` என்று ஆக்கினால் 16, போய்விடுகிறது. தேதியைப் பட்டனில் வைக்க இடமில்லை, அது மேலே உள்ள வாசகத்தில் இருக்கட்டும்.

வாசகத்தின் முதல் வடிவத்தில் இன்னொரு பிரச்சினை கிளம்பியது. அழைப்பை அனுப்பிய பத்தாவது நிமிடம் கடை முதலாளி போனில் வந்தார். "ஏன் அம்மணி, ஓடிபி ரெடியா வெச்சுக்கோங்கன்னு மெசேஜ் வந்திருக்குது. எம்பையன் பார்த்துட்டு இது திருட்டுக் கும்பல், பதில் போடாதீங்கன்னு சொல்றான். நீங்கதான் அனுப்புனீங்களா?" பையன் சொன்னதில் தவறே இல்லை. ஒரு புது எண், ஒரு அவசரம், ஓடிபி, திரையைக் காட்டச் சொல்வது. வங்கிகள் வருடக்கணக்காக எதற்கு எதிராக எச்சரிக்கின்றனவோ அத்தனையும் என் நாலு வரியில் இருந்தன. சந்தேகப்படாமல் சரி என்று சொல்லியிருந்தால்தான் நான் கவலைப்பட வேண்டும்.

அதனால் மூன்று மாற்றம் செய்தேன். ஓடிபியை எங்களிடம் சொல்லவே கூடாது, அவர்களே அவர்கள் திரையில் அடித்துக்கொள்ள வேண்டும் என்று வெளிப்படையாக எழுதினேன். கம்ப்யூட்டரைத் தொலைவிலிருந்து இயக்கும் எனிடெஸ்க் மாதிரி எதையும் நிறுவச் சொல்வதை நிறுத்தினேன். கூகுள் மீட்டில் திரையைக் காட்டினால் போதும், மவுஸ் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். நான் வாயால் சொல்லச் சொல்ல அவர்கள் அழுத்துவது கொஞ்சம் மெதுவாகப் போகும், ஆனால் அடுத்த முறை அவர்களுக்கே வழி தெரியும். மூன்றாவது, சந்தேகம் இருந்தால் இந்த எண்ணுக்கு அடிக்காமல் ஒப்பந்தத் தாளில் இருக்கும் எண்ணுக்கு அடித்துக் கேட்கச் சொன்னேன். கடைசியாக அனுப்பியது இதுதான்:

> வணக்கம் அண்ணா. முன்பணம் வந்துவிட்டது, ரசீது தனியாக வரும்.
>
> ஏப்ரல் 1 முதல் ஈ-இன்வாய்ஸ் போட உங்கள் பில்லிங்கை அமைக்க ஒரு மணி நேரம் வேண்டும். 24, 25, 26 மூன்று நாளில் ஒன்று. ஆடிட்டர் ஆபீஸில் மூன்று நேரத்துக்கும் சரி என்று சொல்லிவிட்டார்கள். கீழே ஒன்றை அழுத்துங்கள். மூன்றும் ஆகாது என்றால் "வேறு" என்று மட்டும் எழுதுங்கள், நான் போன் செய்கிறேன்.
>
> அன்று வேண்டியவை:
> 1. டேலி இருக்கும் கம்ப்யூட்டரில் உட்காருங்கள். போனில் வந்தால் வேலை நடக்காது. கணக்கர் கூட இருக்கட்டும்.
> 2. முந்தைய நாள் மாலை 6 மணிக்குள் ஐட்டம் பட்டியலை எக்செலாக அனுப்புங்கள். எடுக்கும் வழியைப் படமாக இணைத்திருக்கிறேன்.
> 3. தொடங்கியதும் ஆடிட்டர் ஆபீஸுக்கு ஒரு ஓடிபி வரும். அதை உங்கள் திரையில் நீங்களே அடிக்க வேண்டும். எங்களிடம் சொல்ல வேண்டாம், நாங்கள் கேட்கவும் மாட்டோம்.
>
> சந்தேகம் இருந்தால் ஒப்பந்தத்தில் உள்ள ஆபீஸ் எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

லோகோ, வங்கி விவரம் எல்லாம் இதில் இல்லை. அதைக் கால் முடிந்த மறுநாள் தனி மெசேஜில் கேட்டேன். அதற்குள் பழக்கமாகிவிட்டதால் எல்லாம் ஒரே மாலையில் வந்தது.

அவர் `வியாழன் காலை 11` அழுத்தினார். உடனே காலண்டர் அழைப்பு போனது, ஆடிட்டர் ஆபீஸ் மின்னஞ்சலுக்கும் சேர்த்து. முன்பு அதன் தலைப்பில் எங்கள் நிறுவனப் பெயரும் "ஆன்போர்டிங் கால்" என்றும் இருக்கும். நினைவூட்டல் வரும்போது போன் திரையில் தெரிவது அந்த ஒரு வரிதான், அதில் எங்கள் பெயர் இருந்து யாருக்கு என்ன லாபம்? இப்போது தலைப்பு "11 மணி, டேலி கம்ப்யூட்டர், ஓடிபி போன்". மீட்டைத் தேர்ந்ததற்குக் காரணம் காசுதான். ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும். மீட்டில் மூன்று பேருக்கு மேல் சேர்ந்தாலும் 60 நிமிடம் கிடைக்கிறது. 50 நிமிட வேலைக்கு அது போதும், ஆனால் சும்மா பேசி நேரம் கழிக்க இடமில்லை.

ஐட்டம் பட்டியலை ஏன் முந்தைய நாளே கேட்டேன் என்று சொல்கிறேன் என்றேன். டேலி பிரைமில் `Stock Summary` திறந்து `Ctrl+E` அழுத்தி எக்செலாக எடுத்தால் பெயர், இருப்பு, விலை, மதிப்பு வரும். புதன் மாலை அது வந்தது, மூவாயிரத்துக்கும் மேல் வரிசை. சரக்கின் வரி வகையைக் குறிக்கும் எச்எஸ்என் எண் அதில் இல்லை, அதனால் ஆடிட்டர் ஆபீஸில் கடைசி ஜிஎஸ்டிஆர்-1-இன் 12-ம் அட்டவணையை வாங்கிக்கொண்டேன். எச்எஸ்என் வாரியாக என்ன விற்றது என்பது அதில் இருக்கும். திறந்தால், கடையில் உள்ள எல்லாமே 8413 என்ற நாலு இலக்கத்தில் போயிருக்கிறது. 5 கோடிக்குக் கீழே நாலு இலக்கம் போதும், அதற்கு மேல் ஆறு. அதைவிட, இம்பெல்லர் மாதிரி பம்பின் பாகங்கள் 841391. ஆனால் மெக்கானிக்கல் சீல் 848420, பால் பேரிங் 848210. அவை பம்புக்குள் போனாலும் பம்பின் பாகமாகக் கணக்கில் வராது. இதைக் காலில் கண்டுபிடித்திருந்தால் மூவாயிரம் வரிசையை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்போம். முந்தைய நாள் தெரிந்ததால் பெயரில் "சீல்", "பேரிங்" என்று உள்ள வரிசைகளை வடிகட்டித் தனியாகப் பிரித்து, மூன்று தாளாக ஆடிட்டர் ஆபீஸுக்கு அனுப்பி, எண்ணை அவர்கள் வாயால் உறுதி செய்துகொண்டேன். எச்எஸ்என் முடிவு எங்களுடையதல்ல, அவர்களுடையது.

வியாழன் காலை 11.02-க்கு முதலாளி, கணக்கர், ஆடிட்டர் ஆபீஸ் பெண் மூவரும் வந்துவிட்டார்கள். 11.04-க்குத் தளத்தில் நுழையும் ஓடிபி, 11.07-க்கு யூசர் உருவாக்கும் ஓடிபி. அந்தப் பெண் வாசித்தார், கணக்கர் அடித்தார். நடுவில் ஒரு சின்னத் தடங்கல். கீபோர்டில் கேப்ஸ்லாக் போட்டிருந்ததில் பாஸ்வேர்டு இரண்டு முறை ஏற்கவில்லை. 11.13-க்கு ஆடிட்டர் ஆபீஸ் விடைபெற்றது. மீதி 40 நிமிடம் பட்டியலை ஏற்றி, கணக்கர் நாலைந்து மாதிரி பில் போட்டுப் பழகியதில் போனது.

அடுத்த வாடிக்கையாளருக்கு இரண்டு மாற்றம் செய்யப்போகிறேன். ஓடிபி யாருக்கு வரும் என்ற கேள்வியை அழைப்புக்கு முன் நான் போனில் கேட்பதற்குப் பதிலாக ஒப்பந்தப் படிவத்திலேயே ஒரு கட்டமாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். விற்பனைப் பையன் கையெழுத்து வாங்கும்போதே நிரப்பிவிடுவான், எனக்கு அரை நாள் மிச்சம். இன்னொன்று, ஐட்டம் பட்டியலுக்கு முந்தைய நாள் மாலை 6 என்பது நெருக்கம். பம்ப் கடை பட்டியலை இரவு 11 வரை பிரித்துக்கொண்டிருந்தேன். ஆயிரம் ஐட்டத்துக்கு மேல் இருந்தால் இரண்டு நாள் முன்னால் கேட்பேன், அதற்கேற்ப முதல் நேரத்தையும் ஒரு நாள் தள்ளி வைப்பேன்.